கொழுந்தைக் காணோம்

ஹட்டன் டவுனில் நாலு மீட்டர் பச்சைத் துணி, வெளிச்சம் ஊடுருவாத தடித்ததாகப் பார்த்து வாங்கினேன். "கோயில் திருவிழாவுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். "வீடியோவுக்கு" என்றேன், பெரிய டைரக்டர் தோரணையில்.

தேயிலை கோப்பைக்கு வரும் கதையை நாலு நிமிடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதாகத் திட்டம். லயத்துக் காம்பிராவில் நின்றபடியே அக்கா மகள் பேசுவாள். பின்னால் காட்சி மாறிக்கொண்டே இருக்கும்: 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர, அடுத்து கொழுந்து மலை, அடுத்து ஃபெக்டரி.

"ரெண்டு இலையும் ஒரு மொட்டும்" என்று அவள் கையை நீட்டினாள். போனில் பச்சையை நீக்கச் சொன்னேன். நீக்கியது. கை மட்டும் வெறுமனே எதையோ பிடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, கொழுந்த எங்க?"

தேயிலையைப் பற்றிய வீடியோவுக்குப் பச்சைத் திரை கட்டியவன் இந்த மலையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீக்கும் அளவைக் குறைத்துப் பார்த்தேன். பூச்சி அரித்ததுபோலப் பாதிக் கொழுந்து திரும்பி வந்தது, கூடவே துணியின் மடிப்பு நிழல்களும். நிழல் விழுந்த இடத்தில் பச்சை வேறு பச்சையாகிவிடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டியிருந்தால் அதுவாவது தப்பியிருக்கும்.

சரி, நீலம். காசை மிச்சம் பிடிக்க, விறகை மூடியிருந்த நீலத் தார்ப்பாயை உருவி வந்தேன். அது மினுங்கியது. பல்பு பட்ட இடம் போனுக்கு வெள்ளையாகத் தெரிய, லூல்கந்துர நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது. மறுபடி டவுனுக்குப் போய் நீலக் காட்டன் வாங்கினேன். கடைக்காரர் இம்முறை எதுவும் கேட்கவில்லை.

கொழுந்து பிழைத்தது. ஆனால் அவள் வெள்ளை யூனிஃபோர்மின் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்து, தோள் கரைந்துபோனது. துணியில் பட்ட வெளிச்சம் திரும்பி அவள் மேல் விழுகிறது. ஆறடி முன்னால் வந்து நின்றால் போதும்தான். காம்பிராவே பத்தடி, ஆறடி அவளுக்குக் கொடுத்தால் மிச்ச நாலடியில் நானும் அடுப்பும். முழு உருவத்தை விட்டுவிட்டு, இடுப்புக்கு மேலே மட்டும் எடுத்தேன்.

நடுவில் மூடுபனி இறங்கியது. ஜன்னல் வெளிச்சம் மங்கியதும் போன் தானாகவே பிரகாசத்தைக் கூட்ட, முதல் பாதிக்குச் சரியாக வைத்த அளவு பின்பாதியில் தலைமுடியைத் தின்றது. ஜன்னலைச் சாத்தினேன். துணிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பல்பு, அவளுக்குத் தனியாக ஒன்று. போன் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டினேன். பதினேழாவது தடவையில் வீடியோ முடிந்தது.

பச்சைத் துணியை அம்மா படங்குக்கு மேலே இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போகிறார். லயத்து வாசலிலிருந்து பார்த்தால், தேயிலைக்கு நடுவே அவருடைய மேல்பாதி மட்டும் நகர்கிறது.