கஞ்சிக்கு ஆளுண்டு, கழுவ?

அம்பிட்டியவில் சூரியன் ஹந்தானை மலைக்குப் பின்னால் நேரத்தோடு ஒதுங்கிவிடும். உடனே பள்ளி வராந்தாவில் பிள்ளைகளின் கை பேரீச்சம்பழத்துக்கு நீளும். மலை மறைப்பது மஃரிப் இல்லை, அடிவானத்துக்குக் கீழே இறங்க வேண்டும் என்று சொன்னால், "அப்ப அந்த மலைய யாரு வெக்கச் சென்ன?" என்பார்கள். மறுபக்கம், காதோடு ரேடியோவை வைத்து கொழும்பு பாங்குக்குக் காத்திருக்கும் ஒரு நானா. கொழும்பு நமக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய 3 நிமிடம் பிந்தும். பதின்மூன்று மணி நேரம் பசித்திருந்தவர் அந்த 3 நிமிடத்தைக் கொழும்புக்காக ஏன் நோற்க வேண்டும்? மோதினார் மலையையும் பார்ப்பதில்லை, ரேடியோவையும் கேட்பதில்லை. ஜம்இய்யத்துல் உலமா கண்டிக்கென்று தரும் நேர அட்டவணைதான் அவருக்கு.

கஞ்சிக் கணக்குத்தான் சிக்கல். ஒரு கிலோ அரிசி தண்ணீரையும் தேங்காய்ப்பாலையும் குடித்து முப்பது கோப்பை வரை வரும். 150 பேருக்கு 5 கிலோ போதும் என்று காகிதம் சொல்லும். ஆனால் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவில் தூக்குச் சட்டிகள் வர ஆரம்பிக்கும். அவை எந்தக் கணக்கிலும் பேர் இல்லாதவை. ஒரு சட்டி ஐந்து கோப்பையை விழுங்கும். அதனால் நாங்கள் 8 கிலோ போடுகிறோம். கடைசியில் ஊற்றும் தலைப்பாலைக் கொதிக்க விடக் கூடாது, திரிந்துவிடும். ஆறும்போது கஞ்சி இறுகும். அதற்குத்தான் பக்கத்தில் சுடுதண்ணீர் வைக்கிறோம். பச்சைத் தண்ணீர் கலந்தவரை ஊரே அடையாளம் வைத்திருக்கும்.

செலவுக்கு ஒரு பட்டியல் தொங்கும். நோன்பாளிக்கு உணவளித்தவருக்கு அவருடைய நோன்பின் நன்மையும் கிடைக்கும் என்ற ஹதீஸ் எல்லோருக்கும் மனப்பாடம். ஆகவே இறைச்சி, அரிசி, சமூசா மூன்றும் ஒரே இரவில் எழுதப்பட்டுவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு, குப்பைப் பை என்ற இரண்டு வரிகள் மட்டும் நோன்பு பாதி போன பிறகும் வெறுமையாகவே இருக்கும்.

பாங்குக்கும் இகாமத்துக்கும் நடுவே பத்து நிமிடம்தான். அதற்குள் 150 கோப்பைகள் காலியாகி, எல்லோரும் ஸஃபில் நின்றுவிடுவார்கள். கோப்பைகள் அப்படியே கிடக்கும். இஷாவும் தராவீஹும் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் கழுவியாக வேண்டும். கார்பட்டில் சிந்தி உலர்ந்த கஞ்சியைச் சுரண்ட கத்தி வேண்டும். அவசரக்காரர் ஒருவர் ஹவ்ழிலேயே கோப்பையை முக்கினார். மீன்களுக்குச் சந்தோஷம், ட்ரஸ்டிக்குப் பிரஷர்.

போன வருடம் சட்டம் வந்தது: எதை எழுதினாலும் அதனோடு ஒரு கழுவும் வேலையையும் சேர்த்து எழுத வேண்டும். மறுநாள் பட்டியலைப் பார்த்தால் பதினாறு பேர் பேரீச்சம்பழம் எழுதியிருந்தார்கள். அதற்குக் கழுவ ஒன்றுமில்லையாம்.

"கொட்டை ஈக்கே, நானா" என்றார் மோதினார், விளக்குமாற்றை எடுத்து நீட்டியபடி.