பேரம் மேடம், கோயம்புத்தூர்

போன வாரம் பேமென்ட் கேட்வேக்காரர்கள் ஒரு மெயில் அனுப்பியிருந்தார்கள். ஆவணியில் நான் விற்ற ஒரு ஜோடி அன்ன விளக்குக்கான 14,500 ரூபாயை, அன்றைக்கு என் கணக்குக்கு வரவேண்டிய வசூலில் பிடித்து வைத்துவிட்டார்களாம். தகராறுக் கட்டணம் தனி. அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. தனி. காரணம் என்று ஒரு எண் போட்டிருந்தது: 13.1. விசாக்காரர்கள் பாஷையில், கார்டு வைத்திருப்பவர் “சாமான் வந்து சேரவில்லை” என்கிறார் என்று பொருள்.

பொருள் வரவேண்டிய தேதியிலிருந்து 120 நாளுக்குள் இப்படிச் சொல்லலாம். இவர் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது சொல்லியிருக்கிறார். நாச்சியார்கோவிலிலிருந்து ஒரு ஜோடி குத்துவிளக்கு நாலு மாதமாக வந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு மனிதர் நம்பிக்கையோடு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

நாம் பதில் சொல்ல விசா 30 நாள் தருகிறது. அது அவர் வங்கியிலிருந்து நம் பக்கத்து வங்கிக்கு வந்து, அங்கிருந்து கேட்வேக்கு வந்து, கேட்வேயில் யாரோ டீ குடித்துவிட்டு வந்து நமக்கு அனுப்பும்போது கையில் மிஞ்சுவது ஒரு வாரம். அதில் ஒரு ஞாயிறு. இப்படிப்பட்ட வழக்கில் வியாபாரி எப்படி ஜெயிப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கேஸ். ஆர்டர் போட்டது ஒரு மேடம். கார்டு அவர் வீட்டுக்காரருடையது. பில்லில் இருப்பது சென்னை முகவரி. பணம் கட்டிய மறுநாள் மேடம் வாட்ஸ்அப்பில், “விளக்கை கோயம்புத்தூர்ல என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுங்க, கிரகப்பிரவேசம்” என்று தங்கை முகவரியை அனுப்பினார். கூடவே இன்னொரு வரி: “அவருக்குத் தெரிய வேண்டாம், நானே சொல்லிக்கறேன்.” சொல்லிக்கொள்ளவில்லை என்பது இந்த மெயில் வந்ததும் எனக்குத் தெரிந்தது. சாருக்கு ஓ.டி.பி. மட்டும் போயிருக்கிறது. அவர் பாவம், சொன்னது பொய்யில்லை. அவர் வீட்டுக்கு விளக்கு வரவே இல்லை.

பக்கத்துக் கடைக்காரர், “ஓ.டி.பி. போட்டுத்தானேய்யா பணம் வந்துச்சு, அந்த ரெக்கார்டைக் குடு, கேஸ் முடிஞ்சுது” என்றார். முடியாது. பணம் கட்டவில்லை என்று அந்த மனிதர் சொல்லவே இல்லையே? ‘இது நான் செய்த செலவே இல்லை’ என்று கார்டுக்காரர் சாதிக்கும்போதுதான் ஓ.டி.பி.க்கு மதிப்பு. ‘சாமான் வரலை’ என்பவரிடம் ஓ.டி.பி.யைக் காட்டினால், ‘பணம் வாங்கியது உண்மைதான்’ என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். 13.1-க்கு வேண்டியது ஒன்றுதான்: சொன்ன இடத்துக்குச் சாமான் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி. என் வழக்கில் சொன்ன இடம் ஒன்று, போன இடம் வேறு. ஆகவே கார்டிலிருந்து மேடம், மேடத்திடமிருந்து தங்கை, தங்கையிடமிருந்து விளக்கு என்று நான் சங்கிலி கோக்க வேண்டும். கண்ணி எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது.

என் தலைவலியும் அங்கேதான் தொடங்கியது. வாடிக்கையாளருடன் நடந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுங்கள் என்கிறார்கள். எடுத்தேன். மேலே கொட்டை எழுத்தில்: “பேரம் மேடம் கோவை”.

நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் போனைத் திறந்து ‘ப’ வரிசையைப் பாருங்கள். “பால்காரர் புதுசு”, “பால்காரர் பழசு கடன்”, “பிளம்பர் வரமாட்டான்” எல்லாம் உங்களிடமும் இருக்கிறது. வியாபாரிக்கு அது இன்னும் பத்து மடங்கு. ஒரு நாளைக்கு இத்தனை பேர் விலை கேட்டால், சாந்தி என்று போட்டுக்கொண்டால் எந்தச் சாந்தி என்று யார் கண்டது? என்னிடம் “சாந்தி 5 முகம்”, “சாந்தி தூக்கு விளக்கு”, “சாந்தி சும்மா கேப்பாங்க” என்று மூன்று பேர் இருக்கிறார்கள். “எடுக்காதே” என்று ஒருவர் இருக்கிறார். “எடுக்காதே 2” என்று அவருடைய மச்சான் இருக்கிறார். “எடு” என்று ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. “ஜிபே பண்ணிட்டேன்னு சொல்வார்” என்று கும்பகோணத்துப் பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறார். கோயில் தர்மகர்த்தா ஒருவரை “மணி சின்னதா இருக்கு” என்று வைத்திருக்கிறேன். மணி வாங்கியபோது அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். இப்போது பெயரே அதுவாகிவிட்டது. அவர் கூப்பிடும்போது போனைப் பையன் எடுத்துக்கொண்டு வந்து, கடை நிறைய ஆள் இருக்கையில், “அப்பா, மணி சின்னதா இருக்கு கூப்பிடறாரு” என்று கத்துவான். “கூரியர் பொய்”, “கூரியர் பொய் மேனேஜர்” என்று இருவர். என் சொந்த மைத்துனர் “சீட்டு பாக்கி” என்றுதான் இருக்கிறார். அவர் பாக்கியைக் கொடுத்த பிறகும் மாற்றவில்லை, மறுபடி தேவைப்படும் என்று.

இப்போது இந்தப் பெயர் பேங்குக்குப் போக வேண்டும். ‘மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு, பேரம் மேடம் கோவை என்பவர் கீழ்க்கண்டவாறு ஒப்புக்கொண்டார்.’ தவிர, பேங்க் அதைச் சாரிடம் காட்டக்கூடும். தன் மனைவியை ஒரு பித்தளைக் கடைக்காரன் எப்படி வைத்திருக்கிறான் என்று அவர் பார்ப்பார். சரி, ‘எக்ஸ்போர்ட் சாட்’ போட்டு எழுத்தாக எடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் தேதி, மணி எல்லாம் பிரமாதமாக வந்தது. ஒவ்வொரு வரியிலும் பெயரும் வந்தது. பேரம் மேடம் கோவை, பேரம் மேடம் கோவை, பேரம் மேடம் கோவை. சகஸ்ரநாமம் போல நூற்றுக்கணக்கில். பெயரை மாற்றிவிட்டு எடுத்தால் வேறு பெயர் வரும்; அப்போது அது அவர்தான் என்பதற்குச் சாட்சி எங்கே? போனில் நாம் வைக்கும் பெயர் எதற்கும் ஆதாரமில்லை, நம்பர்தான் ஆதாரம். தொடர்பையே அழித்துவிட்டால் மேலே நம்பர் வந்து நிற்கும். அந்த நம்பரும் ஆர்டர் போடும்போது அவர் கொடுத்த நம்பரும் ஒன்றாக இருந்தால் கண்ணி பிடித்துவிட்டது. அழித்தேன். அவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் அப்போதுதான் தெரிந்தது: “வாழ்க வளமுடன்”.

அடுத்தது தேதி. ஸ்கிரீன்ஷாட்டில் செய்தியும் தேதியும் சேர்ந்து இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தேதி அன்றைய முதல் செய்திக்கு மேலே இருக்கும். கொஞ்சம் தள்ளினால் மறைந்துவிடும். விரலால் ஓட்டும்போது மட்டும் மேலே மிதந்து வரும், கையை எடுத்ததும் போய்விடும். ஆகவே ஒரு விரலால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் பவர் பட்டனையும் சத்தம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். எனக்கு அதில் போன் அணைந்தது, சத்தம் குறைந்தது, ஒரு தடவை மேடத்துக்கே வீடியோ கால் போய்விட்டது. அவர் எடுக்கவில்லை. எடுத்து ஒரு வார்த்தை தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால், அவர் பேங்குக்கு ஒரு கடிதம் கொடுத்து எல்லாவற்றையும் வாபஸ் வாங்கியிருக்கலாம். இதைவிடப் பெரிய ஆதாரம் எதுவும் கிடையாது. எடுக்க மாட்டேன் என்கிறாரே.

விளக்கு வந்து சேர்ந்ததை மேடம் என்னிடம் சொன்னது உண்மைதான். ஆனால் வாய்ஸ் நோட்டில் சொன்னார், பின்னால் மிக்ஸி ஓட. எக்ஸ்போர்ட் செய்த காகிதத்தில் அந்த இடத்தில் `<Media omitted>` என்று இருக்கிறது. நான் ‘நன்றி மேடம், விளக்கு கிடைத்ததா?’ என்று எழுத்தில் கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் வந்திருக்கிறது. கட்டைவிரலைப் பேங்க் எப்படி எடுத்துக்கொள்ளுமோ, யார் கண்டது? கிடைத்தது என்றா, கேள்வி நன்றாக இருக்கிறது என்றா?

என்னைக் காப்பாற்றியது புளி. டெலிவரி ஆகி ஒரு மாதம் கழித்து மேடம் ஒரு படம் அனுப்பியிருந்தார். புது வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் என் அன்னங்கள். கீழே: “தங்கச்சி கேக்கறா, புளி போட்டு விளக்கலாமா, பவுடர்தான் போடணுமா?” கைக்கு வராத விளக்கை உலகத்தில் எவரும் புளி போட்டு விளக்குவதில்லை. பொருள் அவர்கள் வசம் இருப்பதைக் காட்டும் புகைப்படத்தையும், வாங்கிக்கொண்டவருக்கும் கார்டுக்காரருக்கும் உள்ள உறவைக் காட்டும் மின்னஞ்சலையும் ஆதாரமாக ஏற்கலாம் என்று விசா விதிகளிலேயே இருக்கிறது. எழுதியவர்கள் குத்துவிளக்கை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள், ஆனாலும் பொருந்துகிறது.

மிச்சம் கூரியர். வலைத்தளத்தில் நம்பரைப் போட்டால் ‘பதிவு இல்லை’ என்றது. நாலு மாதத்தில் துடைத்துவிட்டார்கள். சாமான் சேர்ந்த அன்றே அந்தப் பக்கத்தைப் பிடித்து வைப்பவன்தான் பிழைப்பான். “கூரியர் பொய் மேனேஜர்” நல்லவர், கோயம்புத்தூர் கிளையிலிருந்து டெலிவரி ஷீட்டைப் படமெடுத்து வாங்கிக் கொடுத்தார். பெயர் என்ற இடத்தில் ‘செக்யூரிட்டி’ என்றும், கையெழுத்து என்ற இடத்தில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததும் இருந்தது. அது மட்டும் இருந்தால் தோற்றிருப்பேன். ஆனால் அதே ஷீட்டில் பார்சல் எடை 11 கிலோ 400 என்று இருக்கிறது. என் பில்லில் விளக்கின் எடை 10 கிலோ 650. மிச்சம் அட்டைப்பெட்டி, வைக்கோல். வெறும் பெட்டியை அனுப்பிவிட்டான் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

முகப்புக் கடிதம் நான் எழுதியது மூன்று பக்கம். அரசலாற்று வண்டல் மண்ணில் ஆரம்பித்து, தாத்தா வார்ப்பு வைத்த கதை வழியாக, புவிசார் குறியீடு வரை வந்திருந்தேன். எங்கள் கணக்குப்பிள்ளை படித்துவிட்டு, “தம்பி, அங்க ஒரு பையன் இருப்பான், ஒரு நாளைக்கு இந்த மாதிரி அம்பது பாப்பான், அவனுக்கு உங்க தாத்தா வேண்டாம்” என்று எல்லாவற்றையும் அடித்துவிட்டு அரைப் பக்கமாக்கினார். இந்தத் தேதி ஆர்டர், இந்தத் தேதி முகவரி மாற்றம், இந்தத் தேதி டெலிவரி, இந்தத் தேதி புளி. ஒவ்வொன்றுக்கும் எதிரே பக்க எண். ‘அவருக்குத் தெரிய வேண்டாம்’ என்ற வரியை மட்டும் மறைக்கலாமா என்று கேட்டேன். “மறைச்சா நீங்க திருத்தின மாதிரி தெரியும், அப்படியே போகட்டும்” என்றார். மனிதருக்கு இரக்கம் கிடையாது. அனுப்பிவிட்டேன்.

இனி சாருடைய பேங்க் ஏற்றுக்கொள்ளலாம், இல்லை மறுபடி மறுக்கலாம். மறுத்தால் அடுத்த படி, அதற்கும் மேலே விசாவே தீர்ப்பு சொல்லும் படி. அங்கே தோற்றவன் டாலரில் நூற்றுக்கணக்கில் கட்ட வேண்டும். ஜோடி விளக்குக்காக நான் அதுவரை போக மாட்டேன் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்வேயில் ‘Under Review’ என்றே நிற்கிறது.

இப்போது யாராவது முகவரி மாற்றினால், “இந்தக் கார்டில் பணம் கட்டிய நான், சாமானை இந்த முகவரிக்கு அனுப்பச் சொல்கிறேன்” என்று அவர்களே எழுத்தில் தட்டி அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நேற்று ஒரு திருச்சி சாரிடம் அப்படித்தான் சொன்னேன். வாசகத்தையும் நானே தயாராக எழுதி, அப்படியே திருப்பி அனுப்புங்கள் சார் என்றேன்.

கட்டைவிரல் வந்தது.