பாதி விலை, பாதிச் செலவு அல்ல

சென்னையில் பெட்ரோல் 50 ரூபாயைத் தொட்ட 2006 வாக்கில், அப்பா டூ ஸ்ட்ரோக் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்ரோலோடு ஆயிலையும் காசு கொடுத்து ஊற்ற வேண்டும். ஸ்டாண்டில் எந்நேரமும் எல்பிஜி கேஸ் பேச்சுதான். “பாதி விலைண்ணே, மாத்திடுங்க” என்றார்கள். பாதி விலை என்றால் பாதிச் செலவு என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

இன்று தம்பி ஓட்டுவது கேஸ் வண்டி. அந்தக் கணக்கை இப்போதுதான் ஒழுங்காகப் போடுகிறோம். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ இருக்கும். ஒரு லிட்டர் கேஸ் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல்தான். எடை குறைந்தால் அதிலுள்ள எரிசக்தியும் குறையும். அதனால்தான் பெட்ரோலில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடும் வண்டி, கேஸில் 23 ஓடினாலே நல்ல வண்டி.

பெட்ரோல் 100 ரூபாய், கேஸ் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 33 காசு. கேஸில் 2 ரூபாய் 61 காசு. நாளுக்கு 120 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 86 ரூபாய். இது நல்ல காசு, ஆனால் முழுதாகக் கைக்கு வராது. கேஸ் பங்க் எல்லா இடத்திலும் இருக்காது. போக 6, வர 6 என்று சவாரி இல்லாமல் ஓடினாலே 31 ரூபாய் போய்விடும். அன்றன்றைக்குக் கையில் இருக்கும் பணத்துக்கு மட்டும் போடுகிறவர் இந்த நஷ்டத்தைத் தினமும் சுமக்கிறார். இரண்டு மூன்று நாளுக்குச் சேர்த்து நிரப்ப முடிகிறவருக்குத்தான் கேஸ் உண்மையில் மலிவு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மைலேஜ் 18-க்கு இறங்கிவிட்டால் கேஸும் அதே 3 ரூபாய் 33 காசு ஆகிவிடும். போன வருஷம் தம்பி வண்டிக்கு அதுதான் நடந்தது. பாலம் ஏறும்போது இழுவை இல்லை, நிறுத்தினால் லேசாகக் கேஸ் வாடை. மெக்கானிக் ரெடியூசரைப் பிரித்தார். உள்ளே கறுப்பாய்ப் பிசுபிசுவென்று எண்ணெய்க் கசடு. ரப்பர் டயாஃப்ரம் விறைத்துப்போயிருந்தது. அதையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகு மைலேஜ் 22-க்கு ஏறியது.

மைலேஜ் இறங்குவதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். சிலிண்டர் எண்பது சதவீதம் நிரம்பியதும் கேஸ் தானாக நின்றுவிடும். அப்போது கிலோமீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை அதேபோல் நிரப்பும்போது ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். வெயிலுக்கும் பம்புக்கும் தக்கபடி அந்த அளவு கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால், நாலைந்து முறை நிரப்பியதைச் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கை நம்பலாம்.