ஆறுக்கு அடுத்த எண்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நடப்பில் இருக்கும் சட்டங்களில் மிகச் சிறப்பாகக் கடைப்பிடிக்கப்படுவது எது என்று கேட்டால், எந்த மன்றத்திலும் நிறைவேறாத ஒரு சட்டத்தைத்தான் நான் சொல்வேன். அதற்குக் காவலர் இல்லை, அபராதச் சீட்டு இல்லை, எழுதிவைத்த விதியும் இல்லை. மருமகளாக வந்தவள் மாமனார், மாமியார், கணவன், கணவனின் அண்ணனான மச்சாண்டார் ஆகியோரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் மரியாதைக் குறைவு. அவர்கள் ஆயுசு குறையும் என்றும் சொல்வார்கள். கொழுந்தன் இளையவன் என்பதால் அவன் பெயரைச் சொல்லலாம். இவ்வளவுதான் சட்டம். கல்யாணமான மறுநாளே பெண் இதைக் கற்றுக்கொள்கிறாள், பெரும்பாலும் யாரும் சொல்லித்தராமலே. தன் அம்மா தன் அப்பாவின் பெயரைச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை என்பதால் பாடம் பிறந்த வீட்டிலேயே முடிந்துவிடுகிறது.

இதன் உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும். 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. 1960களில் அதே ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வயல்கள் மனைகளாயின, ஏரிக்கரைகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. பெண்கள் ஷிப்டு வேலைக்குப் போனார்கள், சம்பளம் வாங்கினார்கள், ஸ்கூட்டி ஓட்டினார்கள். இத்தனை மாறிய பிறகும் மாலையில் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் அந்தச் சட்டம் அப்படியே காத்திருக்கிறது.

அது எவ்வளவு நுட்பமாக வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மாமனார் பெயர் ஏழுமலை, மாமியார் பெயர் பச்சையம்மாள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தில் இரண்டும் சாதாரணமாகக் காதில் விழும் பெயர்கள். திருப்பதி ஒருநாள் பயணத் தொலைவில் இருக்கிறது, பச்சையம்மன் கோயில் திருமுல்லைவாயலிலேயே இருக்கிறது. நேரில் கூப்பிட மருமகளுக்கு மாமா, அத்தை என்ற சொற்கள் உண்டு. வெளியாரிடம் பேசும்போது "எங்க மாமனாரு", "பெரியவரு". குழந்தை பிறந்த பிறகு வேலை இன்னும் எளிது. தாத்தா, ஆயா என்று பிள்ளையின் இடத்தில் நின்று அழைத்துவிடலாம். கணவன் "இன்னாங்க", "த பாருங்க". பிறரிடம் "எங்க ஊட்டுக்காரரு", "பாப்பாவோட அப்பா". ஒரு பெயர் போன இடத்தில் நாலு சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கண்டிப்பான வீடுகளில் சட்டம் இதோடு நிற்பதில்லை. பெயருக்குள் இருக்கும் சொல்லையும் விலக்க வேண்டும். ஏழுமலை வீட்டு மருமகள் ஏழு என்று எண்ணக் கூடாது. "ஆறும் ஒண்ணும்" என்பாள், "ஆறுக்கு அடுத்தது" என்பாள். மளிகைக் கடையில் ஏழு கிலோ அரிசி கேட்கும் இக்கட்டு வேண்டாமென்று எட்டுக் கிலோவாக வாங்குவாள். மலை என்றும் சொல்லக் கூடாது என்றால் திருவண்ணாமலைக்குப் போய்வந்ததை "தீபம் ஏத்துற ஊருக்குப் போனோம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். பச்சையம்மாளுக்காகப் பச்சை மிளகாய் காயாத மிளகாய் ஆகும், பச்சரிசி மாவரிசி ஆகும், பச்சைத்தண்ணி சுட வைக்காத தண்ணி ஆகும். பச்சைப்பயறுக்கு மட்டும் கவலையில்லை. பாசிப்பயறு என்று ஏற்கெனவே வேறு பெயர் இருக்கிறது. ஒரு மருமகள் சமையற்கட்டில் நின்றபடி, வாய்க்கு வந்த சொல் நாக்கில் ஏறும் முன்னமே அதைத் தடுத்து, பொருள் கெடாமல் வேறொன்றை எடுத்துப் போடுகிறாள். இதை நாள் முழுக்க, வருடக் கணக்கில், ஒருமுறையும் தவறாமல் செய்கிறாள். இந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். இவ்வளவு மூளையை ஒரு எண்ணையும் ஒரு நிறத்தையும் சொல்லாமல் இருப்பதற்காகவே செலவழிக்கவைக்கும் ஆற்றல் வேறு எந்த ஏற்பாட்டுக்கும் இல்லை.

உலகத்தில் நமக்குத் துணை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கோசா, சூலு மக்களிடம் ஹ்லொனீபா என்ற வழக்கம் உண்டு. அங்கே மருமகள் மாமனாரின் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் வரும் அசைகளைக்கூட விலக்க வேண்டும். அந்த அசை வரும் எந்தச் சொல்லையும் மாற்றிப் பேச வேண்டும். அந்த மொழிகளில் இன்று ஒலிக்கும் நாக்குச் சொடுக்கு ஒலிகளில் ஒரு பகுதி, இப்படி மாற்றுச் சொல் தேடிய பெண்கள் பக்கத்து மொழியிலிருந்து எடுத்துக்கொண்டவையாக இருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சிலர் கருதுகிறார்கள். எத்தியோப்பியாவின் கம்பாட்டா மக்களிடமும் மங்கோலிய மேய்ச்சல் குடும்பங்களிலும் இதே போன்ற வழக்கம் இருந்திருக்கிறது. மூன்று இடங்களுக்கும் மொழி வேறு, கடவுள் வேறு. வாயை அடக்க வேண்டியது வீட்டுக்கு வந்த பெண் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

நம் வழக்கத்தின் நேர்த்தி, அது ஆண்களுக்கு வைத்திருக்கும் சலுகையில் நன்றாகத் தெரியும். மருமகனும் மாமனாரை மாமா என்றுதான் அழைக்கிறான், பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆனால் வங்கியிலோ பத்திரப்பதிவு அலுவலகத்திலோ மாமனார் பெயர் கேட்டால் ஒரு நொடி தயங்காமல் சொல்கிறான். யார் ஆயுசும் குறைவதில்லை. பெண் சொன்னால் மட்டும் குறையும். ஆகவே வீட்டுப் பெரியவர்களின் உயிரைக் காக்கும் முழுப் பொறுப்பையும் மருமகளின் நாக்கிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பொறுப்பு கொடுக்கப்பட்டவளுக்கு, வீட்டு மனைப் பத்திரத்தில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வைப்பது நம்மிடம் நெடுநாள் பழக்கம். அதிலும் இந்தச் சட்டம் தன் கைத்திறனைக் காட்டுகிறது. பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்குத் தன் பிள்ளையின் பெயரே விலக்கப்பட்ட சொல்லாகிவிடுகிறது. அந்தப் பெயரைச் சொல்லி அதட்டினால் மாமனாரை அதட்டியதாகும். எனவே வீட்டுக்கு ஒரு பாபு, ஒரு ராஜா, ஒரு சின்னு பிறக்கிறான். எல்.கே.ஜி.யில் ஆசிரியை வருகைப்பதிவேட்டிலிருந்து பெயரை வாசிக்கும்போது பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பெயரை அவன் தன்னுடையதாகக் கேட்டதே இல்லை.

மருமகள் அந்த நேரத்தில் பாபு அம்மா ஆகியிருப்பாள். பிறரின் பெயரைச் சொல்லாமல் காத்தவளுடைய சொந்தப் பெயரும் இப்படித்தான் மெல்ல உள்ளே போகிறது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் சாட்சி. 1951–52 தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், தங்களை இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லி, சொந்தப் பெயர் சொல்ல மறுத்த பெண்கள் ஏராளம். அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பெயரில்லாமல் பதிய முடியாது என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. குடியரசின் முதல் ஓட்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடக்கத்தில் அவர்களை வென்றவர்கள் யாரும் இல்லை.

மாமியாரின் நிலையும் இதேதான். பச்சையம்மாளும் ஒருநாள் மருமகளாக வந்தவள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை இருந்த அப்பா, அம்மா, மாமனார், மாமியார் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். மருமகள் அத்தை என்கிறாள், பேரன் ஆயா என்கிறான், தெருவே ஆயா என்கிறது. ரேஷன் கடையில் கார்டைப் பார்த்து ஒருவர் கூப்பிடுவார். அதன் பிறகு அந்தப் பெயர் பெரிய எழுத்தில் வெளியே வருவது தெருமுனையில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனரில்தான். அவளுக்காகக் காக்கப்பட்ட மரியாதை அது.

புதிதாகக் கல்யாணமானவர்களில் கணவனைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள் இன்று நிறைய. அறைக்குள் பெயர், அத்தை எதிரில் "ஏங்க" என்று இரட்டை வழக்கு நடத்துபவர்களும் உண்டு. மாமனாரின் பெயர் மட்டும் எந்த அறைக்குள்ளும் இறங்கிவரவில்லை. தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளர் பெயரும் ஏழுமலையாக அமைந்துவிட்டால், அவரும் "சூப்பர்வைசர் சார்" ஆகிவிடுகிறார். சம்பளம் தரும் இடத்திலும் சட்டம் கூடவே வருகிறது.

இந்தச் சட்டம் முழுப் பெருமையோடு நிற்பது ஆபத்து வேளையில்தான். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் கூட்டம். ஞாபகம் தடுமாறத் தொடங்கிய மாமனார் கைநழுவிப் போய்விட்டார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மருமகள் ஒலிபெருக்கி இருக்கும் இடத்துக்கு ஓடுகிறாள். "பேரு இன்னாம்மா?" என்று கேட்கிறார்கள். வயசு சொல்கிறாள், வெள்ளை வேட்டி, நீலச் சட்டை, நெத்தியில் விபூதி என்று எல்லாம் சொல்கிறாள். பெயருக்கு மட்டும் பக்கத்தில் இருக்கும் யாரையாவது தேடுகிறாள், அல்லது எழுதிக் காட்டக் காகிதம் கேட்கிறாள். நீலச் சட்டை போட்ட பெரியவர் என்ற அறிவிப்பு அந்தக் கூட்டத்தில் நூறு பேருக்குப் பொருந்தும். ஞாபகம் குறைகிறவருக்குச் சட்டையின் நிறம் மறந்துபோயிருக்கும். பெரும்பாலும் நெடுநாள் தங்குவது சொந்தப் பெயர்தான். அவரைத் திரும்பிப் பார்க்கவைக்கக்கூடிய ஒரே சொல், அவர் மேல் வைத்த மரியாதையின் பெயரால் சொல்லப்படாமல் போகிறது.

மருத்துவமனையிலும் இதே கதை. நோயாளியைச் சரியாக அடையாளம் காணக் குறைந்தது இரண்டு குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வழிகாட்டியது; முழுப்பெயரும் பிறந்த தேதியும் அதற்கு உதாரணம். ரத்தம் ஏற்றும் முன், ஊசி போடும் முன், அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும் முன் செவிலியர் பெயரைக் கேட்பது இதற்காகத்தான். நினைவில்லாமல் கிடப்பவருக்காகத் துணைக்கு வந்த மருமகள் "எங்க மாமா" என்று பதில் சொன்னால், வார்டில் இருக்கும் எல்லோரும் யாரோ ஒருவருக்கு மாமாதான். "ஏழுமலை தானே?" என்று செவிலியரே கேட்க, இவள் தலையாட்டினாலும் சரிபார்ப்பு ஆகாது. பெயரை அவள் வாயிலிருந்து வரவைப்பதுதான் சரிபார்ப்பு. தலையாட்டல் தவறான பெயருக்கும் வரும்.

இவ்வளவு சாதித்த வழக்கத்தை விலக்கிவைக்கும் அதிகாரம் மருமகள்களிடம் இல்லை. அவர்கள் தாமாகச் சொன்னால் திமிர் என்று பெயர் வரும். அந்த அதிகாரம் இருப்பது பெரியவர்களிடம். மாமனார்களே, மாமியார்களே, இன்று இரவு மருமகளைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். உங்கள் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவளைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். அவள் தயங்குவாள். நீங்களே முதலில் சொல்லிக் காட்டுங்கள். பிறகு, அவளுடைய பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுங்கள்.