பச்சை அம்புக்குறியைப் பின்பற்றவும்

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வடம் தயாராகிறதோ இல்லையோ, இன்ஸ்டாகிராமில் கரோசல் தயாராகிவிடும். ராஜபாளையம் முதல் கிருஷ்ணன்கோவில் வரை ஊர்ப் பக்கம் நடத்தும் அட்மின்கள் எல்லாரும் வரிந்து கட்டிக்கொண்டு ஸ்லைடு போடுவார்கள். முதல் ஸ்லைடில் கோபுரம். அதன் மேல் தங்க எழுத்தில், 'உங்களுக்குத் தெரியுமா?'

தெரியாது ஐயா. டாக்பேக் போட்டு போனைக் காதால் படிக்கிறவருக்குக் கடைசி ஸ்லைடு வரைக்கும் எதுவுமே தெரியாது. படத்தில் பதித்த எழுத்து போனுக்கு வெறும் வண்ணப் புள்ளிகள்தான். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக `Write alt text` என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். 2018 முதல் இருக்கிறது. நீங்கள் அதைக் காலியாக விட்டால் இன்ஸ்டாகிராம் தானே ஊகித்து, ஆங்கிலத்தில், `May be an image of temple and text` என்கிற மாதிரி எதையாவது சொல்லும். கோயிலாக இருக்கலாமாம், எழுத்தும் இருக்கலாமாம். பதினொரு நிலைக் கோபுரத்துக்கு இதுதான் வர்ணனை!

முதல் ஸ்லைடு போகட்டும், அது வெறும் ஜம்பம். போக்குவரத்து மாற்றத்தைச் சொல்லும் ஸ்லைடுக்கு வாருங்கள். (ஒரே பக்கத்தைக் குறிவைத்துச் சொல்லவில்லை, இந்த வகை ஸ்லைடு எல்லாத் திருவிழாவுக்கும் வருவதுதான்.) வரைபடம் ஒன்று. கீழே, 'சிவப்புத் தெருக்களில் வாகனம் செல்லாது. பச்சை அம்புக்குறியைப் பின்பற்றவும்.' ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி வரும் பார்வையற்றவர் அந்தப் பச்சையை எந்தக் காதால் பின்பற்றுவார்?

இந்த ஸ்லைடை மாற்று உரையாலும் காப்பாற்ற முடியாது. 'சிவப்பும் பச்சையுமான வரைபடம்' என்று பெட்டியில் எழுதினால் அதே இருட்டுதான். முதலில் ஸ்லைடின் வாசகம் திருந்த வேண்டும்: 'தேர் ஓடும்போது நான்கு ரத வீதிகளிலும் வாகனம் செல்லாது. ராஜபாளையம் பஸ் இன்ன நிறுத்தம் வரை மட்டும் வரும். அங்கிருந்து கோயிலுக்கு இன்ன தெரு வழியாக நடக்க வேண்டும்.' நிறத்துக்குப் பதில் தெருப் பெயர் வந்தாயிற்று. இந்த மூன்று வரியையும் அப்படியே மாற்று உரைப் பெட்டியில் போட்டு, கடைசியில் 'ரத வீதிகளைக் காட்டும் வரைபடம்' என்று சேர்த்தால் வேலை முடிந்தது. 'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டாம். படம் என்பதைப் போனே சொல்லிவிடும். உதவி எண் இருந்தால் கேப்ஷனிலும் போடுங்கள். மாற்று உரை ஒரே மூச்சில் ஒலித்து ஓடிவிடும், அதில் பத்து இலக்கத்தைப் பிடிப்பது பெரும்பாடு.

அடுத்தது சஸ்பென்ஸ் வித்தை. ஒரு ஸ்லைடில் 'தேர் புறப்படும் நேரம்...' என்று இழுத்து, நேரத்தை அடுத்ததில் வைப்பது. டாக்பேக்கில் அடுத்த ஸ்லைடுக்கு இரண்டு விரலால் தள்ளிவிட்டு, படத்தை மறுபடி தொட்டுத் தேட வேண்டும். அதற்குள் பாதி வாக்கியம் மறந்துபோகும், அல்லது லைக் பட்டன் குறுக்கே வந்து நிற்கும். தேர்நேரத்தை மறைத்துவைக்க இது என்ன மர்ம நாவலா?

பெட்டியை நிரப்புகிற புண்ணியவான்களும் உண்டு. டிசைனர் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். திரையில் 'ஆடிப்பூரம்' என்று மின்னியது, பெட்டிக்குள் `Mbg;G+uk;` ஆகிவிடுகிறது. பாமினிக்கு அடியில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தானே. போன் அதைத்தான் உளறும். யூனிகோடில் மறுபடி அடிக்க வேண்டும், வேறு வழியில்லை.

இவ்வளவையும்கூட அறியாமை என்று விட்டுவிடலாம். அக்டோபர் 15, வெள்ளைக்கோல் தினத்துக்கு வாழ்த்து அட்டை போட்டு மாற்று உரையைக் காலியாக விடுகிறீர்களே, அதற்கு என்ன பெயர்? பார்வையற்ற பிள்ளைகளுக்கு அன்னதானம் போட்டு, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, நன்கொடையாளர் பெயரைப் பெரிதாகப் பொறித்து, பத்து ஸ்லைடாக ஏற்றுகிறீர்கள். அந்தப் பிள்ளைகள் போனில் கேட்டால், தாங்கள் அதில் இருப்பதே தெரியாது. வாழ்த்து யாருக்கு? சோறு போட்டதைப் பார்க்கிறவர்களுக்கு!

மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அட்மினிடம் கேட்டால், 'எழுதினா டிசைன் அழகு கெட்டுரும்ணே' என்கிறார். தம்பி, மாற்று உரை திரையில் தெரியவே தெரியாது. அழகுக்கு ஒரு கீறலும் விழாது.

சோதிக்க வேண்டுமானால், ஆண்ட்ராய்டு போனில் ஒலி பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் டாக்பேக் பேசத் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கரோசலையே கேளுங்கள். பழைய பதிவுகளுக்கும் `Edit` போய் மாற்று உரை சேர்க்கலாம். அந்த அன்னதானப் படத்திலிருந்து ஆரம்பியுங்கள். நன்கொடையாளர் பெயரைக் கடைசியில் எழுதினால் போதும்.