அந்தரத்தில் ஒரு சென்டர்

என் தொழில் வாழ்க்கையில் நான் முதன்முதலாக வெட்டிய நாலு இன்ச் பைப், மயிரிழை பிசகாமல் 1000 மி.மீ. இருந்தது. டிராயிங்கில் 1000 என்று போட்டிருந்தது, நானும் 1000 வெட்டினேன். இரண்டு முனையிலும் எல்போவை வைத்துப் பார்த்த ஃபோர்மேன் அண்ணன் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"எல்போவை எங்கே வைக்கப் போறே தம்பி? பக்கத்துப் பட்டறையிலயா?"

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. இரண்டு எல்போ, நடுவில் ஒரு பைப், மொத்தத்தில் தமிழ் எழுத்து 'ப'வைப் போல ஒரு ஸ்பூல். டிராயிங்கில் இருந்த 1000, பைப்பின் நீளமே இல்லையாம். இந்த எல்போவின் சென்டரிலிருந்து அந்த எல்போவின் சென்டர் வரைக்கும் உள்ள தூரமாம். எல்போக்கள் தின்னும் இடத்தை அதிலிருந்து கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பைப். நம் சம்பளக் கதைதான். ஆஃபர் லெட்டரில் ஒரு தொகை இருக்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் போக வேறொரு தொகை கைக்கு வரும். நான் ஆஃபர் லெட்டரைப் பார்த்துப் பைப் வெட்டியிருந்தேன்.

"சென்டர்னா எல்போவுல எங்கேண்ணே இருக்கு?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சாக்பீஸை எடுத்தார். தரையில் கிடந்த இரும்புத் தகட்டில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கோடு போட்டு, எல்போவின் இரண்டு வாயும் அந்தக் கோடுகளின் மேல் நடுவாக உட்காரும்படி படுக்க வைத்தார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் சென்டர். எட்டிப் பார்த்தேன். அந்தப் புள்ளி எல்போவுக்குள்ளேயே இல்லை! முதுகுக்கு வெளியே, ஒரு 6 மி.மீ. தள்ளி, வெறும் தகட்டில் சாக்பீஸ் கோடாகக் கிடந்தது.

அண்ணன் கோணலாக வைத்துவிட்டார் என்றே முடிவு கட்டி, என் மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். கோணல் இல்லை. எல்போ மூலையைத் தொடாமல் வளைந்து குறுக்குவழியில் போகிறது. கோடுகளோ நேராகப் போய் மூலையில்தான் சந்திக்கின்றன. ஆக, டிராயிங்கில் இத்தனை அதிகாரத்தோடு குறிக்கப்பட்டிருக்கும் சென்டர், இரும்பே இல்லாத அந்தரத்தில் இருக்கிறது. டேப்பின் கொக்கியை எதில் மாட்டுவது?

அதனால்தான் யாரும் அதை நேரில் அளப்பதில்லை. அந்தரப் புள்ளியிலிருந்து எல்போவின் வாய் வரைக்கும் உள்ள தூரத்துக்கு டேக்-அவுட் என்று பெயர். லாங் ரேடியஸ் 90 டிகிரி எல்போவுக்கு அது பைப் சைஸைப் போல ஒன்றரை மடங்கு. "சைஸை ஒன்றரையால பெருக்கு, ரெண்டு பக்கமும் கழி, வெல்டிங் கேப்புக்குப் பக்கத்துக்கு மூணு மில்லி விடு" என்று சொல்லிவிட்டு அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். அந்த டீதான் வினை.

பைப் சைஸ் என்றாரே, சைஸை அளப்போம் என்று டேப்பைக் குறுக்கே வைத்தேன். 114 மி.மீ. வந்தது. ஒன்றரை மடங்கு 171. இரண்டு பக்கம் 342. கேப் 6. ஆயிரத்தில் கழித்தால் 652. கிரைண்டரைப் போட்டு வெட்டியே விட்டேன். பொறி பறந்தது, பெருமையாகவும் இருந்தது.

நாலு இன்ச் பைப் என்பது ஒரு பெயர். பெரியசாமி என்று பெயர் வைத்தவர் உயரமாக இருக்க வேண்டுமா என்ன? வெளிவிட்டம் நாலரை இன்ச், அதாவது 114 மி.மீ. 14 இன்ச்சைத் தொட்ட பிறகுதான் பைப்பின் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகும். பெருக்க வேண்டியது பெயரைத்தான். நாலை ஒன்றரையால் பெருக்கினால் 6 இன்ச், 152 மி.மீ. இரண்டு எல்போவுக்கு 304. கேப் 6. 1000-இல் 310 போனால் 690. நான் வெட்டியது 38 மி.மீ. குறைச்சல்.

முதல் தப்பில் பைப் நீளமாக இருந்தது, பிழைத்தேன். இப்போது குட்டை. "38 மில்லிக்கு ஒரு துண்டு வச்சு ஒட்டிடலாமாண்ணே?" என்றேன். ரெண்டு வெல்டை அவ்வளவு நெருக்கமாகப் போட்டால் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் ஸ்பூலோடு சேர்த்து என்னையும் ஸ்கிராப்பில் போடச் சொல்வார் என்று பதில் வந்தது.

மூன்றாவது தடவை 690 வெட்டினேன். கேப் வைக்கும்போது அண்ணன் 3.15 வெல்டிங் ராடு ஒன்றை எடுத்து, மேல்பூச்சைத் தட்டி உதிர்த்து, உள்ளே இருந்த கம்பியைக் கொண்டை ஊசி மாதிரி வளைத்தார். பைப்புக்கும் எல்போவுக்கும் நடுவில் அதைச் செருகி டேக் அடித்தார். கம்பியை உருவினால் சுற்றிலும் ஒரே அளவில் சந்து. சரிபார்க்க அந்தரத்தைத் தேட வேண்டியதில்லை. 'ப'வின் இரண்டு கால்களிலும் ஆளுக்கொரு நாலு இன்ச் பைப். ஒரு காலின் இடது விளிம்பிலிருந்து மறு காலின் இடது விளிம்புக்கு அளந்தால் அதுவே சென்டர் டு சென்டர். 1000 வந்தது. முழு வெல்டும் போட்டு ஆறிய பிறகு அளந்தால் 998. வெல்டும் தன் பங்குக்குக் கழித்துக்கொள்கிறது.

இதெல்லாம் நடந்து பதினாறு வருஷம். இடையில் நான் எத்தனையோ பேருக்குச் சாக்பீஸ் பிடித்துப் பாடம் எடுத்தாகிவிட்டது. அந்தத் திமிரில்தான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பாத்ரூம் லைனுக்கு எதற்குப் பிளம்பர், நானே பார்க்கிறேன் என்று இறங்கினேன். முக்கால் இன்ச் சி.பி.வி.சி. சுவரில் நிற்கும் இரண்டு எல்போ, சென்டர் டு சென்டர் 600. பிளாஸ்டிக் எல்போவுக்கு ஒன்றரை மடங்குக் கணக்கு செல்லாது என்பது எனக்குத் தெரியாதா? கையிலிருந்த எல்போவை அளந்தேன். சென்டரிலிருந்து வாய் வரை 32. இரண்டுக்கும் 64. வெல்டிங் கிடையாது, ஆகவே கேப் இல்லை. 536 வெட்டினேன்.

ஒரு முனையில் சொலூஷன் தடவி எல்போவில் செருகினேன். 18 மி.மீ. உள்ளே போய் உட்கார்ந்தது. மறுமுனை, அடுத்த எல்போவின் வாயிலிருந்து 18 மி.மீ. தள்ளி நின்று என்னைப் பார்த்தது. அது உள்ளே போக இன்னும் 18 வேண்டும்.

இரும்பில் பைப் எல்போவின் வாசலோடு நின்றுவிடும். இங்கே வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. வாய் வரை உள்ள 32-இல் உள்ளே நுழையும் 18-ஐக் கழித்தால் 14, அதுதான் இந்த எல்போவின் டேக்-அவுட். 600-இல் 28 போக 572 வெட்டியிருக்க வேண்டும். கழித்ததில் கழிக்க மறந்திருக்கிறேன். சொலூஷனோ அதற்குள் காய்ந்துவிட்டது.

"வேலை பார்க்கிற இடத்துலயும் இப்படித்தான் வெட்டுவீங்களா?" என்றாள் மனைவி.

கடை மூடியிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டரை ஜாண் துண்டு பைப் ஒன்றும், ஒரு கப்ளிங்கும். சுவரில் இருந்த பைப்பை நடுவில் அறுத்து, கப்ளிங் போட்டு, துண்டைச் சேர்த்து ஒப்பேற்றினேன். நேரான லைனின் நடுவில், சரியாகக் கண் மட்டத்தில், அந்தக் கப்ளிங் புடைத்துக்கொண்டு நிற்கிறது. போன வாரம் வந்த மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எதுக்கு மாப்ளே?" என்று கேட்டார்.

"பின்னாடி கழட்டிச் சுத்தம் பண்ண வசதியா இருக்கட்டும்னு வச்சேன் மாமா" என்றேன். சொலூஷன் போட்டு ஒட்டியதைக் கழற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியாதென்று நம்புகிறேன்.