வேற என்ன போடட்டும்?

அந்தக் காலத்தில் கடமலைக்குண்டு சலூனில் ஆலோசனை என்று ஒன்று கிடையாது. தம்பியை முடிவெட்டக் கூட்டிப்போகும் வேலை எனக்கு. நாற்காலியின் கைகள் மேல் பலகையைப் போட்டு அவனை உட்காரவைத்ததும் சலூன்கார அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "ஒட்டவா, நடுத்தரமா?" அதற்கும் ஐயா வீட்டிலேயே பதில் சொல்லி அனுப்பியிருப்பார். பெரியவர்கள் உட்கார்ந்தால் அந்தக் கேள்வியும் இல்லை. வெட்டி முடித்ததும் படிகாரக் கல்லைத் தேய்ப்பார், உச்சியில் எண்ணெய் வைத்துத் தட்டுவார், கழுத்தை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று திருப்பிச் சொடக்கெடுப்பார். இதற்கெல்லாம் தனியாகத் துட்டு கேட்க மாட்டார். மீதிச் சில்லறை திரும்பி வராது, அவ்வளவுதான்.

கழுத்தில் அந்தக் காரியம் செய்யக்கூடாது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. தலை அலசும் தொட்டியில் கழுத்தைப் பின்னால் மடக்கி வைத்திருந்த பெண்களுக்குப் பக்கவாதம் வந்ததை ஓர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 1993இல்தான் எழுதினார். அண்ணன் அதைப் படித்திருந்தால் அந்த ஆபத்துக்கும் சேர்த்துச் சில்லறை பிடித்திருப்பார்.

பிறகு நான் நகரத்துக்குப் போய்த் தொழில் படித்தேன். அங்கே கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும்: தலைமுடி வகை, தோல் வகை, என்ன ஷாம்பு, எத்தனை நாளைக்கு ஒருமுறை குளியல். பதில் எதுவானாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். முடி வறட்சியா? ஹேர் ஸ்பா. பிசுபிசுப்பா? ஹேர் ஸ்பா. கொட்டுகிறதா? இரண்டு ஹேர் ஸ்பா. "வேணுமான்னு கேட்காதே, ஆலிவ் வேணுமா கெரட்டின் வேணுமான்னு கேளு" என்பது அங்கே கற்றுத்தந்த முதல் பாடம். இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் வேண்டாம் என்று சொல்ல ஆளுக்கு வாய் வராது. கெட்டிக்காரத்தனமான பாடம்தான். சலூன்கார அண்ணன் கேட்காமல் செய்ததை நாங்கள் கேட்டுவிட்டுச் செய்தோம். படிவத்தில் கையெழுத்து வாங்கியது ஒன்றுதான் முன்னேற்றம்.

இப்போது நான் கடமலைக்குண்டு, வருசநாடு, மயிலாடும்பாறைப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் நடத்தும் பயிற்சி ஒரு சீட்டு விளையாட்டு. ஒரு பிள்ளை வாடிக்கையாளராக உட்காரும். அதன் கையில் ஒரு சீட்டு இருக்கும். அதில் உள்ளதைக் கேட்டால் மட்டும்தான் சொல்ல வேண்டும். எதிரே நிற்கும் பிள்ளை அதைக் கண்டுபிடித்த பிறகுதான் எதையும் பரிந்துரைக்கலாம். சில சீட்டுகளில் "இவருக்கு முடிவெட்டைத் தவிர எதுவும் தேவையில்லை" என்று எழுதி வைப்பேன். அதில்தான் எல்லாப் பிள்ளைகளும் தோற்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட எதையாவது விற்பது அவர்களுக்குச் சுலபம்.

ஒரு சீட்டைச் சொல்கிறேன். வந்தவருக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். "முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது, ஏதாச்சும் பண்ணு தாயி" என்கிறார். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் புரோட்டீன் சிகிச்சையில் ஆரம்பித்து ஸ்பாவில் முடிக்கும். பில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிடும். "எப்போதிருந்து கொட்டுது? அதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி காய்ச்சலோ பிரசவமோ உண்டா?" என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள்.

கேட்ட பிறகு கையால் பார்க்க வேண்டும். ஐம்பது, அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து வேரிலிருந்து நுனி வரை மெதுவாக இழுக்க வேண்டும். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் கொட்டல் நடப்பில் இருக்கிறது. வந்த முடியைக் கறுப்புத் துண்டின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ஒரு முனையில் கடுகளவு கூட இல்லாத வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு, தன் காலம் முடிந்து வந்த முடி. பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் சட்டென்று இறங்குவதால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மாதங்கள் கழித்து ஒன்றாக உதிர்கிறது. மேலே தடவும் எந்தக் கிரீமும் அதை நிறுத்தாது. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானே திரும்பிவிடும். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அது கொட்டல் அல்ல, ஒடிவு. ஆழ்குழாய்த் தண்ணீரும், சூடான அயர்ன் கம்பியும், ஈரத்தலையை இறுக்கிப் பின்னுவதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். நுனி வெட்டு, கண்டிஷனிங் எல்லாம் அங்கேதான் நியாயமாக விற்கலாம். அதையும் விலையைச் சொல்லி, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். இந்த வாய் மூடுவதைத்தான் இவ்வளவு காலமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், பிடிபடவில்லை. வாடிக்கையாளர் இரண்டு விநாடி யோசித்தால் பிள்ளைகள் தள்ளுபடியில் இறங்கிவிடுகிறார்கள்.

வட்டமாக முடி போயிருந்தாலோ, தலையில் செதிலும் சீழும் தெரிந்தாலோ பில்லே போடக்கூடாது. க.விலக்கு அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். பஸ் எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறது.

சாயம் வேறு கதை. சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருள் சிலருக்கு ஒவ்வாது. முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் போனவர்களும் உண்டு. அதனால் நாற்பத்தெட்டு மணி நேரம் முன்னாலேயே காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவிப் பார்க்க வேண்டும். வருசநாட்டிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவிடம் "இன்னைக்குச் சொட்டு வைக்கிறேன், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் முடிவெட்ட வருகிற அன்றே காசு வாங்காமல் சொட்டு வைத்து அனுப்பச் சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது சாயம். கூடவே, "கறுப்பு மருதாணிப் பாக்கெட் போட்டீங்களா?" என்று கேட்டே ஆக வேண்டும். சில பாக்கெட்டுகளில் உலோக உப்பு கலந்திருக்கும். அதன் மேல் பெராக்சைடு பட்டால் முடி சூடாகிக் கருகும். சந்தேகமிருந்தால் நாலு முடியைக் கத்தரித்துப் பெராக்சைடு, அம்மோனியா கலவையில் அரை மணி நேரம் போட்டுப் பார்க்கலாம். நுரைத்தாலோ, சூடானாலோ, நிறம் மாறினாலோ சாயம் கிடையாது.

இவ்வளவும் சொல்லிக்கொடுத்தாலும், கடைக்காரர் பில்லில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் கமிஷன் தருகிறவராக இருந்தால் என் சீட்டு விளையாட்டு சீட்டாட்டமாகத்தான் முடியும். அதனால் பயிற்சிக்கு ஆள் அனுப்பும் முதலாளிகளிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கமிஷனைத் திரும்பி வரும் வாடிக்கையாளரின் கணக்கில் கொடுங்கள். பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர் பிள்ளையை அனுப்புவதில்லை.

இதில் எதிர்பாராத எதிரி வாடிக்கையாளர்தான். போன பயிற்சியில் ஒரு பிள்ளை நிஜ வாடிக்கையாளரிடமே எல்லாம் சரியாகச் செய்தது. பிரசவமான பெண்ணின் முடியைத் துண்டில் வைத்துக் குமிழைக் காட்டியது, ஸ்பா வேண்டாம் என்றது, நுனி மட்டும் வெட்டி அனுப்பியது. கூட வந்த மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

"இம்புட்டு நேரம் கேள்வி கேட்டியே, ஆத்தா. கடைசியில ஒண்ணுமே போடாம அனுப்புற? உனக்கு வேலை தெரியாதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

இருவரும் அன்றைக்கே ஆண்டிபட்டிக்குப் போய் ஆலிவ் ஸ்பா செய்துகொண்டு வந்தார்கள். அடுத்த முடிவெட்டுக்கு இங்கேதான் வந்தார்கள். ஸ்பா நன்றாக வேலை செய்ததாகவும், இப்போது முடி கொட்டுவதே இல்லை என்றும் மாமியார் சொன்னார். குழந்தைக்கு அப்போது பத்து மாதம்.